தலை போன எழுத்தும் கீற்றான படமும்

அந்த ஆய்வேட்டில் இருபத்திரண்டு படங்கள் இருக்க வேண்டும். அச்செடுத்த தாள்களைப் புரட்டினால் ஒரு படமும் இல்லை. படம் வர வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் கால் அங்குல உயரத்தில் பழுப்பு நிறக் கீற்று ஒன்று பக்கத்தின் குறுக்கே கிடந்தது. அதன் கீழே ‘படம் 4: சக்கரத்தில் பானை வனைதல்’ என்ற விளக்கம் மட்டும் ஒழுங்காக இருந்தது. கீற்றை உற்றுப் பார்த்தேன். ஈர மண்தரையும் சக்கரத்தின் அடிவிளிம்பும் தெரிந்தன. பானையும் இல்லை, வனைகிற கையும் இல்லை.

மட்பாண்டத் தொழிலைப் பற்றி நான்கு ஆண்டு அலைந்து எழுதிய மாணவி அவர். ஊர் ஊராகப் போய்த் தன் கையால் எடுத்த படங்கள் அவை. “அண்ணா, மூணு தடவை அழிச்சு அழிச்சு மறுபடி சேர்த்துட்டேன். ஒரு தடவைகூட முழுசா வரல. நாளன்னைக்கு சமர்ப்பிக்கணும்” என்றார். ஆய்வேடுகளையும் ஆண்டு மலர்களையும் பக்கம் அமைத்துத் தருவது என் பிழைப்பு. அதனால் இந்தக் கீற்று எனக்குப் பழக்கமானதுதான். ஆண்டுக்கு நாலைந்து பேராவது இதே கீற்றைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். படம் கெட்டுப்போய்விட்டது என்பார் ஒருவர், வைரஸ் என்பார் இன்னொருவர், பிரிண்டர் கோளாறு என்பார் மூன்றாமவர். மூன்றும் இல்லை. வரி இடைவெளியில் இருக்கும் ஒரே ஒரு சொல்தான் காரணம்.

அந்தக் கோப்பில் படங்களோடு தலைப்புகளும் அடிபட்டிருந்தன. ‘மட்பாண்டத் தொழிலின் வரலாறு’ என்று பெரிய எழுத்தில் இருக்க வேண்டியது, ‘மடபாணடத தொழிலின வரலாறு’ என்று நின்றது. புள்ளிகள் எல்லாம் போய்விட்டன. ‘லி’யின் மேல்விலங்கும் வளைவின் உச்சி இல்லாமல் மொட்டையாக இருந்தது. ஆங்கில எழுத்தின் உச்சி சற்று வெட்டுப்பட்டால் பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் படித்துவிடலாம். தமிழில் அப்படி இல்லை. நம் எழுத்தில் மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிக்கிற புள்ளி உச்சியில்தான் இருக்கிறது. அதை வெட்டினால் ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும், ‘கண்’ என்பது ‘கண’ ஆகிவிடும். நெடிலைக் காட்டும் சுழியும் மேலேதான் இருக்கிறது. அது போனால் ‘கீரி’யைக் ‘கிரி’ என்று படிப்போம். ஆகவே இந்தக் கோளாறு தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்குக் கூடுதல் ஆபத்து. திருத்திப் படிக்கும்போது எழுத்துப்பிழை என்று நினைத்து, சரியாக இருக்கும் சொல்லையே மறுபடி அடித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வரிக்கு எவ்வளவு உயரம் கொடுப்பது என்று வேர்டு எப்படி முடிவு செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கிவிடும். அச்சுத் தொழிலின் அளவு பாயிண்ட். வேர்டில் ஓர் அங்குலம் 72 பாயிண்ட். ஆகவே 18 பாயிண்ட் என்பது சரியாகக் கால் அங்குலம். எழுத்தின் அளவு 12 பாயிண்ட் என்று வைத்தால் வரியின் உயரமும் 12 பாயிண்ட்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. ஒவ்வோர் எழுத்துருவையும் வடிவமைத்தவர், எழுத்து உட்காரும் அடிக்கோட்டுக்கு மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு இடம் வேண்டும் என்று அந்த எழுத்துருவுக்குள்ளேயே குறித்து வைத்திருக்கிறார். டைம்ஸ் நியூ ரோமன் 12 பாயிண்டில் ஒரு வரிக்கு ஏறக்குறைய 13.8 பாயிண்ட் கேட்கும். தமிழ் எழுத்துருக்கள் அதைவிடக் கூடுதலாகவே கேட்கின்றன. மேல்விலங்குக்கும் புள்ளிக்கும் மேலே இடம் வேண்டும், ‘ழு’, ‘றூ’ போன்றவற்றின் கீழ்விலங்குக்குக் கீழே இடம் வேண்டும். எழுத்துரு தானாகக் கேட்கிற இந்த உயரத்தை இயல்பு உயரம் என்று வைத்துக்கொள்வோம். எழுத்துக்கு எழுத்துரு இது மாறும். இரண்டையும் 12 பாயிண்ட் என்றே வைத்திருந்தாலும் இரண்டின் இயல்பு உயரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இனி வேர்டில் பத்தியின்மேல் வலது கிளிக் செய்து `Paragraph` பெட்டியைத் திறந்து பாருங்கள். `Line spacing` என்ற இடத்தில் ஆறு தேர்வுகள் இருக்கும். `Single` என்றால் அந்த வரியில் உள்ளவற்றில் எது மிக உயரமோ அதன் இயல்பு உயரம் வரிக்குக் கிடைக்கும். `1.5 lines`, `Double`, `Multiple` மூன்றும் அந்த இயல்பு உயரத்தைப் பெருக்கித் தருபவை. இந்த நான்கும் உள்ளே இருப்பதைப் பார்த்து வரியின் உயரத்தை முடிவு செய்கின்றன. மீதி இரண்டும் பாயிண்டில் எண் கேட்பவை. அவைதான் நம் கதையின் இரு பாத்திரங்கள்.

`Exactly` என்பது கட்டளை. 18 பாயிண்ட் என்று எழுதினால் வரி 18 பாயிண்ட்தான். உள்ளே 12 பாயிண்ட் எழுத்து இருந்தாலும், 24 பாயிண்ட் எழுத்து இருந்தாலும், நான்கு அங்குலப் படமே இருந்தாலும் வரி அசையாது. மிஞ்சுவது வெட்டுப்படும். `At least` என்பது குறைந்தபட்ச வாக்குறுதி. 18 என்று எழுதினால், 18-க்குக் கீழே வரி இறங்காது. உள்ளே இருப்பதற்கு அதற்கு மேல் இடம் தேவைப்பட்டால் அந்த ஒரு வரி மட்டும் தேவையான அளவுக்கு உயரும். அதற்கு அடுத்த வரி மறுபடி 18-க்கு வந்துவிடும்.

படம் ஏன் இதில் மாட்டுகிறது என்று கேட்கலாம். படத்தைச் சேர்த்தவுடன் வேர்டு வழக்கமாக அதை `In Line with Text` என்ற நிலையில்தான் வைக்கிறது. அதன் பொருள், படமும் வரிக்குள் நிற்கும் ஓர் எழுத்து என்பதே. மாணவியின் படங்கள் நான்கு அங்குல உயரம். அதாவது 288 பாயிண்ட் உயரமுள்ள ஒரு ராட்சத எழுத்து. அதை 18 பாயிண்ட் உயர வரிக்குள் நிறுத்தினால் பதினாறில் ஒரு பங்குதான் தெரியும். மீதிப் பதினைந்து பங்கும் கோப்புக்குள் பத்திரமாக இருக்கும், கண்ணுக்கு வராது. எழுத்தும் படமும் வரியின் அடிப்பக்கத்தில் ஓடும் அடிக்கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. அதனால்தான் தெரிகிற அந்தப் பங்கு எப்போதும் படத்தின் அடிப்பாகமாகவே இருக்கிறது. கால் வரிக்குள் ஊன்றியிருக்கிறது, தலைதான் வெளியே போய்விடுகிறது. குயவரின் கை தெரியாமல் தரை மட்டும் தெரிந்ததற்கு இதுவே காரணம். தலைப்பில் கீழ்விலங்குகள் பிழைத்துப் புள்ளிகள் மட்டும் போனதற்கும் இதுவே காரணம்.

பழைய அச்சகத்தில் இப்படி ஒன்று நடக்கவே முடியாது. கம்பாசிட்டர் ஈய எழுத்துகளைக் கோத்து, வரிக்கும் வரிக்கும் நடுவே மெல்லிய ஈயப் பட்டையைச் செருகுவார். வரி இடைவெளிக்கு ஆங்கிலத்தில் ‘லெடிங்’ என்ற பெயர் வந்ததே அந்த ஈயத்தால்தான். பெரிய எழுத்தோ பட பிளாக்கோ வந்தால், ஈயத்தை ஈயம் வெட்டாது. அது தனக்கு வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மற்ற வரிகள் தள்ளி நிற்கும். `At least` செய்வதும் ஏறக்குறைய அதேதான். `Exactly`யைப் போல, பொருளின் உயரத்தைக் கேட்காமல் வரியை வார்க்கும் முறை கணினியில்தான் சாத்தியமாயிற்று.

கணினியிலும் எல்லா மென்பொருளும் இப்படி வெட்டுவதில்லை. இன்டிசைன் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வரி இடைவெளியைக் குறைத்துவிட்டால் எழுத்து மேல்வரியின்மேல் ஏறி உட்காரும், ஆனால் வெட்டுப்படாது. அதில் நிலையான எண் கொடுத்தே வேலை செய்து பழகிய கைகள் வேர்டுக்கு வந்ததும் அதே பழக்கத்தில் `Exactly`யைத் தேர்ந்தெடுக்கின்றன. டிடிபி கடைகளில் தயாராகும் டெம்ப்ளேட்டுகளில் இந்தச் சொல் இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்பது என் அனுபவம். இன்னொரு வழி பிடிஎஃப் கோப்பை வேர்டாக மாற்றுவது. மாற்றித் தரும் மென்பொருள் மூலத்தில் இருந்த வரிகளை அதே இடத்தில் நிறுத்தப் பார்த்து, பத்திக்குப் பத்தி `Exactly` போட்டுவிடும். கோப்பு வந்தபோது எல்லாம் சரியாக இருக்கும். யாராவது எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினால், அல்லது ஆங்கிலத்தை அழித்துத் தமிழை அடித்தால், அப்போதுதான் தலை போகும்.

மூன்றாவது வழி இன்னும் எளிது. `Line spacing` பட்டியலில் `Exactly`யைத் தேர்ந்தெடுத்தவுடன் பக்கத்தில் உள்ள `At` பெட்டியில் வேர்டு தானாகவே 12 என்று நிரப்பும். அதைக் கவனிக்காமல் சரி என்று அழுத்திவிட்டால், 12 பாயிண்ட் தமிழ் எழுத்தை 12 பாயிண்ட் உயரத்துக்குள் திணிக்கிறோம் என்று பொருள். எழுத்துருவே 16, 17 என்று கேட்கும் இடத்தில் 12 கொடுத்தால் பாடத்தின் புள்ளிகளே பறிபோகும்.

மாணவியின் கோப்புக்கு வருவோம். முதலில் செய்தது சோதனை. கீற்றாகத் தெரிந்த ஒரு படத்தின் வரியில் கர்சரை வைத்து `Ctrl + 1` அழுத்தினேன். அது அந்தப் பத்தியின் வரி இடைவெளியை `Single` ஆக்கும் குறுக்குவிசை. அழுத்திய கணத்தில் படம் முழுதாக எழுந்து நின்றது. பானையும் கையும் முதியவரின் முகமும் வந்துவிட்டன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பேசவே இல்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார். படம் போகவில்லை என்பது உறுதியாயிற்று. உண்மையில் கோப்பின் அளவைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். இருபத்திரண்டு படங்களின் எடையும் அதில் இருந்தது.

இருபத்திரண்டு இடத்திலும் `Ctrl + 1` அழுத்தினால் வேலை முடிந்துவிடும். ஆனால் நாளை இருபத்து மூன்றாவது படம் சேர்த்தால் மறுபடி கீற்றுதான் வரும். அதனால் இது எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். `Shift + F1` அழுத்தினால் வலப்பக்கம் ஒரு பலகை திறக்கும். கர்சர் இருக்கும் பத்தியின் அமைப்புகளை எல்லாம் அது பட்டியலிடும். அடியில் உள்ள `Distinguish style source` என்பதை டிக் செய்தால், ஒவ்வோர் அமைப்பும் பத்தியில் நேராகப் போடப்பட்டதா, ஸ்டைலிலிருந்து வந்ததா என்று பிரித்துக் காட்டும். இங்கே `Exactly 18 pt` என்பது `Normal` ஸ்டைலிலிருந்து வந்தது. துறையில் யாரோ கொடுத்த டெம்ப்ளேட்டில் `Normal` அப்படி அமைக்கப்பட்டிருந்தது. வேர்டில் தலைப்பு, பட விளக்கம் முதலிய பெரும்பாலான ஸ்டைல்களுக்கு `Normal`தான் தாய். தாயிடம் ஒன்றை மாற்றினால் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் அது போகும். பாடம் 12 பாயிண்ட் எழுத்து, 18-க்குள் வசதியாக அடங்கிவிட்டது. அதனால் பாடத்தைப் பார்த்த யாருக்கும் சந்தேகமே வரவில்லை. தலைப்பு 20 பாயிண்ட் எழுத்து. அதே 18 அதற்கும் சுமத்தப்பட்டதால் தலைகள் போயின.

இந்த இடத்தில் அவசரப்பட்டு `Normal` ஸ்டைலை `Single` ஆக்கினால் படங்கள் வந்துவிடும், ஆனால் பாடத்தின் வரிகள் நெருங்கிப் பக்க அமைப்பே மாறிவிடும். தமிழ் வரியும் ஆங்கில மேற்கோள் வரியும் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். டெம்ப்ளேட் செய்தவர் `Exactly` போட்டதற்கும் ஒரு நியாயம் உண்டு. வரிகள் எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று அவர் விரும்பியிருக்கிறார். அந்தச் சீரும் வேண்டும், வெட்டும் கூடாது. இரண்டையும் சேர்த்துத் தருவது `At least`தான். ஆனால் அதற்கு எண்ணைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாட எழுத்தின் இயல்பு உயரத்தைவிட அந்த எண் சற்றுப் பெரிதாக இருந்தால், சாதாரண வரிகள் எல்லாம் அந்த எண்ணிலேயே நிற்கும், `Exactly` போலவே சீராக இருக்கும். படமோ பெரிய தலைப்போ வந்தால் மட்டும் வரி விரியும்.

இயல்பு உயரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குக் கருவி வேர்டிலேயே இருக்கிறது. அடியில் உள்ள நிலைப்பட்டையின்மேல் வலது கிளிக் செய்து `Vertical Page Position` என்பதை டிக் செய்தால், கர்சர் தாளின் மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டும். வெறும் கோப்பு ஒன்றைத் திறந்து, பத்தி இடைவெளியைப் பூச்சியமாக்கி, `Single` வைத்து, மாணவி பயன்படுத்திய எழுத்துருவில் 12 பாயிண்டில் பதினொரு வரி அடித்தேன். முதல் வரியில் 1 அங்குலம் என்று காட்டியது, பதினோராவது வரியில் 3.4 என்றது. பத்து வரிக்கு 2.4 அங்குலம். 2.4-ஐ 72-ஆல் பெருக்கினால் 172.8 பாயிண்ட். ஒரு வரிக்கு 17.3. நிலைப்பட்டை ஒரு தசமம் வரைதான் காட்டும் என்பதால்தான் ஒரு வரியை அளக்காமல் பத்து வரியை அளந்து வகுக்கிறோம். 17.3 என்பது 18-க்குள் அடங்குகிறது. ஆக எண்ணை மாற்றவே வேண்டாம், சொல்லை மட்டும் மாற்றினால் போதும்.

`Normal` ஸ்டைலின்மேல் வலது கிளிக், `Modify`, அடியில் `Format`, அதில் `Paragraph`. `Exactly` இருந்த இடத்தில் `At least`, எண் அதே 18. சரி என்று அழுத்தினேன். பாடம் ஓர் இழைகூட நகரவில்லை, பக்கத்துக்கு 36 வரி என்று இருந்தது அப்படியே இருந்தது. தலைப்புகளுக்குப் புள்ளிகள் திரும்பி வந்தன. படங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஒவ்வொரு படமும் 270 பாயிண்ட், அதாவது பதினைந்து வரி இடத்தைப் புதிதாக எடுத்துக்கொண்டதால் ஆய்வேடு பத்துப் பக்கம்போல நீண்டது. பக்க எண்கள் மாறியதால் `Ctrl + A` அழுத்திப் பிறகு `F9` அழுத்திப் பொருளடக்கத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இதை மறந்து பழைய பொருளடக்கத்தோடு அச்சுக்குக் கொடுத்தவர்கள் உண்டு.

அதோடு நிற்காமல் படங்களுக்கென்று தனி ஸ்டைல் ஒன்று செய்து கொடுத்தேன். `Single` இடைவெளி, நடுவில் நிற்பது, `Keep with next`. கடைசியில் சொன்னது, படம் ஒரு பக்கத்திலும் விளக்கம் அடுத்த பக்கத்திலுமாகப் பிரியாமல் காப்பாற்றும்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். கீற்றைக் கண்டதும் சிலர் படத்தின் அமைப்பை `Square` என்று மாற்றிவிடுகிறார்கள். படம் உடனே முழுதாகத் தெரியும், ஏனென்றால் அது இப்போது வரிக்குள் இல்லை, வரியைவிட்டு வெளியே மிதக்கிறது. அந்த மாணவியும் இரண்டு படங்களில் இதைச் செய்திருந்தார். மேலே ஒரு பத்தி சேர்த்தவுடன் அவை இடம் மாறி, ஒன்று அடிக்குறிப்பின்மேல் போய் நின்றது. மிதக்கும் படத்துக்கு அதற்கான இடங்கள் உண்டு. வரி இடைவெளிக் கோளாறுக்கு அது மருந்து அல்ல.

`At least` போட்ட பிறகு சில இடங்களில் வரிகள் சமமாக இல்லாமல் போகலாம். ஒரு பத்தியில் நான்கு வரி சீராக இருக்கும், ஐந்தாவது வரி மட்டும் தள்ளி நிற்கும். அதைப் பார்த்து மறுபடி `Exactly`க்கு ஓடாதீர்கள். அந்த வரியில் ஏதோ ஒன்று 18-க்கு மேல் கேட்கிறது. பெரும்பாலும் அது கண்ணுக்குத் தெரியாத பொருள். வேறு இடத்திலிருந்து ஒட்டியபோது கூடவே வந்த 16 பாயிண்ட் அளவுள்ள ஒரு வெற்றிடம், அல்லது பத்தியின் முடிவில் உள்ள குறி, அல்லது உயரம் கூடிய வேறு எழுத்துருவில் ஒரே ஒரு அடைப்புக்குறி. அந்த வரியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவும் அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பெட்டியில் பெயரோ எண்ணோ காட்டாமல் காலியாக இருந்தால் கலப்பு இருக்கிறது என்று பொருள். மேலே ஏற்றி எழுதும் அடிக்குறிப்பு எண்களும் சில எழுத்துருக்களில் வரியைத் தூக்கும். எண்ணை ஒன்றிரண்டு பாயிண்ட் கூட்டினால் அந்தத் தூக்கல் உள்ளேயே அடங்கிவிடும்.

`At least`க்கு முடியாதது ஒன்று உண்டு. எழுத்துருவின் இயல்பு உயரத்துக்குக் கீழே வரியை அது இறக்காது. இயல்பு உயரம் 20 கேட்கும் எழுத்துருவில் `At least 18` என்று போட்டால் வரி 20-ல்தான் நிற்கும், ஆங்கிலம் மட்டும் உள்ள வரி 18-ல் நிற்கும். பக்கத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் பாடத்துக்கு மட்டும் தனி ஸ்டைல் செய்து அதில் `Exactly 18` வைக்கலாம். இயல்பு உயரத்தில் எழுத்துருக்காரர் கொஞ்சம் காற்றும் விட்டிருப்பார் என்பதால் சற்றுக் குறைத்தாலும் மை வெட்டுப்படாமல் இருக்கக்கூடும். அதைச் சோதிக்க ‘கீ’, ‘ட்’, ‘ண்’, ‘றூ’ எல்லாம் வரும் ஒரு வரியை அடித்து, பிடிஎஃப் ஆக்கிப் பெரிதாக்கிப் பாருங்கள். திரையில் மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். திரையில் சற்று வெட்டுப்பட்டதுபோலத் தெரிவது தாளில் முழுதாக வருவதும் உண்டு.

`Exactly` வேண்டாத பொருள் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களின் நீதிமன்ற மனுத்தாளில் இடப்பக்க ஓரத்தில் வரிக்கு வரி எண் அச்சிட்டிருக்கும், பக்கத்துக்கு 28 வரி என்பது வழக்கம். எழுத்து வரி அந்த எண்ணுக்கு நேராக நிற்க வேண்டும் என்பதால் அங்கே `Exactly` இல்லாமல் முடியாது. இரண்டு பத்தி அமைப்பில் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் நேருக்கு நேர் நிற்க வேண்டும் என்றாலும் அதுதான் வழி. அங்கெல்லாம் படத்துக்கும் தலைப்புக்கும் தனி ஸ்டைல் கொடுத்துவிட வேண்டும். மைக்ரோசாஃப்டின் உதவிக் குறிப்பே, நிலையான உயரம் வைப்பதானால் வரியில் வரப்போகும் மிகப் பெரிய எழுத்தோ படமோ அடங்கும் அளவுக்கு எண்ணை வையுங்கள் என்றுதான் சொல்கிறது.

இதே வெட்டு அட்டவணையிலும் வரும், அங்கே காரணம் வேறு. விண்ணப்பப் படிவத்தில் புகைப்படம் ஒட்டும் கட்டம் இருக்கும். படத்தைச் சேர்த்தால் நெற்றி முதல் மூக்கு வரை தெரியும், கீழே இருப்பது காணாமல் போகும். வரி இடைவெளியைச் சரிசெய்தாலும் மாறாது. கீழ்ப்பாகம் போயிருந்தால் கட்டத்தின் உயரத்தைச் சந்தேகியுங்கள், மேல்பாகம் போயிருந்தால் வரி இடைவெளியைச் சந்தேகியுங்கள். கட்டத்தின்மேல் வலது கிளிக் செய்து `Table Properties`, அதில் `Row` பக்கம் போனால் `Row height is` என்ற இடத்தில் அதே இரண்டு சொற்கள், `Exactly`, `At least`. மாற்ற வேண்டியதும் அதேதான்.

வேர்டு கோப்பின் உள்ளே பார்த்தால் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சொல் மட்டுமே என்பது இன்னும் தெளிவாகும். மாணவியின் கோப்பில் இருந்தது முதல் வரி, நான் மாற்றியபின் ஆனது இரண்டாவது வரி.

```
<w:spacing w:line="360" w:lineRule="exact"/>
<w:spacing w:line="360" w:lineRule="atLeast"/>
```

360 என்பது பாயிண்டில் இருபதில் ஒரு பங்காக எண்ணிய அளவு. இருபதால் வகுத்தால் 18. லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துகிறவர்கள் `Exactly`க்குப் பதில் `Fixed` என்ற சொல்லைத் தேடுங்கள், `At least` அங்கும் அதே பெயரில் இருக்கிறது.

ஆய்வேடு இரண்டு நாளில் குறித்தபடி சமர்ப்பிக்கப்பட்டது. அந்த டெம்ப்ளேட்டையும் திருத்தித் துறைக்கே அனுப்பச் சொன்னேன், அனுப்பிவிட்டார். மற்றவர்களுக்கு டெம்ப்ளேட் செய்து தருகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: `Normal` ஸ்டைலில் `Exactly` போடாதீர்கள், பாட எழுத்துருவை ஒருமுறை அளந்து `At least` போட்டுக் கொடுங்கள். படம் கீற்றாகத் தெரிகிறது என்று தவிக்கிற மற்றவர்களுக்கு: அதை அழிக்காதீர்கள், படம் கோப்புக்குள் முழுதாகவே இருக்கிறது. அந்த வரியில் கர்சரை வைத்து முதலில் `Ctrl + 1` அழுத்திப் பாருங்கள்.